இருபத்தைந்தைத் தாண்டியதும் சந்தை ஏன் நின்றுவிடுகிறது?

"சார், நிஃப்டி ஃப்யூச்சரில் 15 நிமிட சார்ட் வைத்து டிரேட் செய்கிறேன். கையில் இரண்டு முறை இருக்கிறது. 9-21 இஎம்ஏ கிராஸ்ஓவர் ஒன்று. போலிஞ்சர் பேண்ட் விளிம்பில் எதிர்த்திசையில் எடுப்பது இன்னொன்று. ஏடிஎக்ஸ் 25க்கு மேல் இருந்தால் முதலாவது, கீழே இருந்தால் இரண்டாவது என்று வைத்திருக்கிறேன். ஆனால் கேப்-அப் நாட்களில் 25ஐத் தாண்டியதும் வாங்கினால் சந்தை அங்கேயே நின்றுவிடுகிறது. 25க்குக் கீழே வந்ததும் எதிர்த்து எடுத்தால் பிய்த்துக்கொண்டு போகிறது. ஏடிஎக்ஸ் கணக்கில் எடுக்கும் கேண்டில் எண்ணிக்கையை 14லிருந்து 7 ஆகக் குறைத்தால் சரியாகுமா?"
— வாசகர், ஈரோடு

7 ஆக்க வேண்டாம். அதற்கான காரணத்தைக் கடைசியில் சொல்வதைவிட, உங்கள் கேப்-அப் நாள் ஒன்றைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் நீங்களே சொல்லிவிடுவீர்கள். ஒரு தாளும் கால்குலேட்டரும் போதும்.

வெல்லஸ் வைல்டர் ஏடிஎக்ஸை 1978ல் வெளியிட்டபோது கணக்கெல்லாம் கையால்தான். அவர் வைத்திருந்தது சரக்குச் சந்தையின் தினசரி விலைகள். ஒவ்வொரு நாளும் அவர் கேட்டது ஒரே கேள்வி: இன்றைய உச்சம் நேற்றைய உச்சத்தைவிட எவ்வளவு மேலே போனது, இன்றைய தாழ்வு நேற்றைய தாழ்வைவிட எவ்வளவு கீழே போனது? இரண்டில் எது பெரியதோ அது மட்டும் கணக்கில் சேரும், மற்றது பூஜ்யம். மேலே போனதைப் பிளஸ் பக்கமும் கீழே போனதை மைனஸ் பக்கமும் சேர்த்துவைத்து, மொத்த ஏற்ற இறக்கத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் பிளஸ் டிஐ, மைனஸ் டிஐ வரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டின் கூட்டலால் வகுத்து நூறால் பெருக்கினால் டிஎக்ஸ். அந்த டிஎக்ஸை மறுபடியும் சராசரி எடுத்ததுதான் ஏடிஎக்ஸ்.

அதாவது சராசரியின் சராசரி. உங்கள் தொல்லை முழுவதும் இந்த 'மறுபடியும்' என்ற சொல்லில்தான் இருக்கிறது. அதோடு, வைல்டருடைய சராசரி பழைய கேண்டிலை ஒரு நாள் சட்டென்று வெளியே தள்ளிவிடாது. ஒவ்வொரு கேண்டிலிலும் பழையதில் பதினான்கில் ஒரு பங்கைக் குறைத்துப் புதியதைச் சேர்க்கும். பெரிதாக ஒன்று உள்ளே வந்துவிட்டால், மோரில் விழுந்த உப்பு மாதிரி, மேலும் மேலும் தண்ணீர் ஊற்றித்தான் அதைக் குறைக்க முடியும்.

சரி, கணக்குக்கு வருவோம். எண்கள் நான் வைத்துக்கொண்டவை. ஆனால் இப்படிப்பட்ட காலையை நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். முந்தைய நாள் மந்தமான சந்தை. ஒவ்வொரு 15 நிமிடக் கேண்டிலும் சுமார் 20 புள்ளி அசைகிறது. சராசரியாகப் பார்த்தால் ஒரு கேண்டிலுக்கு மேலே 4, கீழே 4 என்று இரு பக்கமும் சமம். அப்படியானால் பதினான்கு கேண்டிலுக்குச் சேர்த்துவைத்த ஏற்ற இறக்கம் 280, பிளஸ் பக்கம் 56, மைனஸ் பக்கம் 56. ஏடிஎக்ஸ் 15ல் படுத்திருக்கிறது. கடைசிக் கேண்டிலின் உச்சம் 24,010, முடிவு 24,000.

மறுநாள் காலை 9.15. கேப்-அப். 24,150ல் திறந்து, 24,170 உச்சம், 24,130 தாழ்வு. இந்த ஒரே கேண்டில் பிளஸ் பக்கத்துக்குக் கொடுப்பது 24,170 கழித்தல் 24,010, அதாவது 160 புள்ளி. மைனஸ் பக்கத்துக்கு ஒன்றுமில்லை. பழையதில் பதினான்கில் ஒரு பங்கைக் கழித்தபின் பிளஸ் 212, மைனஸ் 52. வித்தியாசம் 160, கூட்டல் 264, டிஎக்ஸ் 60க்கு மேல் போய்விட்டது. ஆனால் ஏடிஎக்ஸில் இந்த 60 பதினான்கில் ஒரு பங்குதானே? 15லிருந்து 18க்கு மட்டும் வருகிறது. 9.30க்கு நீங்கள் பார்க்கும்போது "இன்னும் 25 வரவில்லை" என்று காத்திருப்பீர்கள்.

இனி சந்தை அசையவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். 24,130க்கும் 24,170க்கும் நடுவில் நேற்று மாதிரியே மேலே 4, கீழே 4 என்று ஆடுகிறது. இரண்டாவது கேண்டிலில் ஏடிஎக்ஸ் 21. மூன்றாவதில் 23.7. நான்காவதில் 25.9.

மணி 10.15. உங்கள் விதிப்படி டிரெண்ட் வந்துவிட்டது. 9-21 கிராஸ்ஓவரும் கேப்பினாலேயே மேல்நோக்கி நடந்திருக்கும். வாங்குகிறீர்கள். ஆனால் ஒரு மணி நேரமாக சந்தை ஓர் அங்குலம்கூட நகரவில்லை. நீங்கள் பார்த்தது 9.15 மணியின் எதிரொலி.

இதோடு நிற்பதில்லை. அதே அசையாத சந்தையில் கணக்கைத் தொடர்ந்து போட்டுப் பார்த்தேன். ஏடிஎக்ஸ் ஏறிக்கொண்டே போய் 12.45 மணிக்கு 35ஐத் தொடுகிறது. அப்புறம் மெல்ல இறங்கி 3.30க்குச் சந்தை மூடும்போது 29.6. காலை 10.15 முதல் மாலை வரை ஒரு கணம்கூட அது "இது சைடுவேஸ்" என்று சொல்லவில்லை. நிஜச் சந்தையில் இவ்வளவு வழவழப்பாக இருக்காது, பிளஸ்ஸும் மைனஸும் கொஞ்சம் முன்னே பின்னே போகும். ஆனால் கோட்டின் உருவம் இதுதான். உங்கள் சார்ட்டில் ஏதாவது ஒரு கேப் நாளை எடுத்து, விலையை மறைத்துவிட்டு ஏடிஎக்ஸ் கோட்டை மட்டும் பாருங்கள். காலையில் ஏறி, மதியம் வளைந்து, மாலையில் சரியும் ஒரு மேடு தெரியும்.

7 வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டீர்கள். அதே காலை, அதே எண்கள். முதல் கேண்டிலிலேயே 23.8. இரண்டாவதில் 31. 10.15 மணிக்கு 40ஐத் தாண்டிவிடும். கேப்பின் பங்கு பதினான்கில் ஒன்றிலிருந்து ஏழில் ஒன்றாகிறது, அவ்வளவுதான். சீக்கிரம் தணியும் என்பது உண்மை. ஆனால் அதற்குள் நீங்கள் 9.45க்கே வாங்கியிருப்பீர்கள்.

2024 ஜூன் 3ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். தேர்தலுக்குப் பிந்தைய கருத்துக்கணிப்புகள் வந்த மறு வேலைநாள். நிஃப்டி சுமார் 800 புள்ளி மேலே திறந்தது. திறந்த இடமே கிட்டத்தட்ட அன்றைய உச்சம். அன்று மூன்றே கால் சதவீத ஏற்றத்தில் மூடியது. அந்த ஏற்றம் முழுவதும் 9.15க்கு முன்பே முடிந்துபோன விஷயம். அந்த 800 புள்ளியை மேலே போட்ட கணக்கில் 160 இருந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். மறுநாள், வாக்கு எண்ணும் அன்று, நிஃப்டி கிட்டத்தட்ட 6 சதவீதம் விழுந்தது.

இனி உங்கள் இரண்டாவது குறை. 25க்குக் கீழே வந்ததும் எதிர்த்து எடுத்தால் அடிபடுகிறது என்கிறீர்கள். இங்கே கேப் குற்றவாளி இல்லை. 25க்குக் கீழே அது எப்படி வந்தது என்பதுதான் விஷயம்.

ஏடிஎக்ஸுக்குத் திசை தெரியாது. பிளஸ்ஸும் மைனஸும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பது மட்டும்தான் தெரியும். நல்ல ஏற்றத்தில் பிளஸ் டிஐ 35, மைனஸ் டிஐ 10 என்று இருக்கும். திடீரென்று சந்தை திரும்பி விழ ஆரம்பித்தால் பிளஸ் இறங்கும், மைனஸ் ஏறும். இரண்டும் வழியில் ஓரிடத்தில், 22ல் என்று வையுங்கள், சந்தித்தே ஆக வேண்டும். அந்த நொடியில் டிஎக்ஸ் பூஜ்யம். சந்தை வேகமாக விழுந்துகொண்டிருக்கும் அதே நேரத்தில் கருவி "இழுபறி" என்று படிக்கிறது. ஏடிஎக்ஸ் 28ல் இருக்கும்போது இப்படித் திரும்பி, டிஎக்ஸ் 40, 25, 10, 0, 10 என்று ஐந்து கேண்டில் போனால், ஏடிஎக்ஸ் 24க்கு வந்துவிடும். ஒன்றே கால் மணி நேரம். அந்த 24ஐப் பார்த்துவிட்டுத்தான் நீங்கள் போலிஞ்சரின் கீழ் விளிம்பில் வாங்குகிறீர்கள். விழும் சந்தையில் கீழ் விளிம்பு உங்களுக்கு முன்னால் போய்க்கொண்டே இருக்கும்.

ஆகவே 24 என்ற எண் ஒன்றுதான், ஆனால் பிறப்பு இரண்டு. மேலேயிருந்து சரிந்து வந்த 24, டிரெண்ட் ஓய்வெடுக்கிறது அல்லது திரும்புகிறது என்பதற்கான அடையாளம். ரேஞ்ச் முறைக்கு அதில் வேலையில்லை. 20க்குக் கீழே நெடுநேரம் தட்டையாகக் கிடந்து, பிளஸ் மைனஸ் கோடுகள் பின்னல் போலக் குறுக்கும் நெடுக்குமாக ஓடினால் மட்டும் அது ரேஞ்ச். அந்த ரேஞ்சிலும் ஸ்டாப்லாஸை விளிம்புக்கு வெளியே வைக்காமல் எடுக்காதீர்கள். பெரிய பிரேக்அவுட் பலவும் தட்டையாகக் கிடந்த இடத்திலிருந்துதான் கிளம்பும். அப்படிக் கிளம்பும் கேண்டிலில் ஏடிஎக்ஸ் இன்னும் 14, 15 என்றுதான் காட்டிக்கொண்டிருக்கும்.

சரி, என்ன செய்யலாம்? நான் செய்வதைச் சொல்கிறேன்.

எந்த முறை என்ற முடிவை 15 நிமிட சார்ட்டில் எடுப்பதில்லை. மாலை 3.30க்குப் பிறகு தினசரி சார்ட்டில் எடுக்கிறேன். தினசரி சார்ட்டில் எல்லாக் கேண்டிலுக்கும் நடுவில் ஓர் இரவு இருக்கிறது. அதனால் கேப் என்பது அங்கே வழக்கமான அசைவில் ஒரு பகுதி. 15 நிமிடத்தில் நிலைமை வேறு: 25 கேண்டிலில் ஒன்று மட்டும் பதினேழே முக்கால் மணி நேரத்தைத் தாண்டிக் குதிக்கிறது, மற்ற 24ம் பதினைந்து நிமிடத்தை. இரண்டையும் ஒரே சராசரியில் போட்டது பிழை.

தினசரி ஏடிஎக்ஸ் 25க்கு மேல் இருந்து, மூன்று நாளைக்கு முன்பிருந்ததைவிடவும் அதிகமாக இருந்தால் மறுநாள் கிராஸ்ஓவர் மட்டும், அதுவும் எந்த டிஐ மேலே இருக்கிறதோ அந்தத் திசையில் மட்டும். 20க்குக் கீழே ஒரு வாரமாவது கிடந்தால் விளிம்பு முறை மட்டும். இடையில் இருந்தாலோ, 25க்கு மேல் இருந்தும் இறங்கிக்கொண்டிருந்தாலோ, லாட்டைப் பாதியாக்குவது அல்லது சும்மா இருப்பது. நான் பெரும்பாலும் சும்மா இருப்பேன். மூன்று நாள், ஒரு வாரம் என்பதெல்லாம் என் கைப்பழக்கம், வேதவாக்கு இல்லை. 25 மட்டும் வைத்துக்கொண்டால் 24.8, 25.3, 24.9 என்று அது தள்ளாடும்போது நீங்களும் தினம் ஒரு முறைக்கு மாற வேண்டியிருக்கும். 20க்கும் 25க்கும் நடுவில் ஒரு வாய்க்கால் விட்டால் அந்தத் தள்ளாட்டம் போகும்.

தினசரியில் டிரெண்ட் என்றால் அன்று பகலிலும் டிரெண்ட் இருக்கும் என்று அர்த்தமில்லை. நல்ல ஏறுமுகத்திலேயே நாள் முழுக்க சப்பென்று போகும் நாட்கள் ஏராளம். அதனால் பகலில் ஒரு அனுமதிச் சீட்டு வேண்டும், அதற்கு 15 நிமிட ஏடிஎக்ஸே போதும், கேப்பை மட்டும் வெளியே எடுத்துவிட்டு. நாளின் முதல் கேண்டிலை நேற்றைய கடைசிக் கேண்டிலோடு ஒப்பிடாமல், அதன் திறப்பு விலையோடு ஒப்பிட்டால் முடிந்தது. டிரேடிங்வியூவில் பைன் எடிட்டரைத் திறந்து இதைப் போடுங்கள்:

```
//@version=5
indicator("ADX no gap")
len = input.int(14)
nd  = timeframe.change("1D")
up  = nd ? high - open : high - high[1]
dn  = nd ? open - low  : low[1] - low
pdm = up > dn and up > 0 ? up : 0.0
mdm = dn > up and dn > 0 ? dn : 0.0
t   = ta.tr(true)
atr = ta.rma(nd ? high - low : t, len)
p   = 100 * ta.rma(pdm, len) / atr
m   = 100 * ta.rma(mdm, len) / atr
dx  = 100 * math.abs(p - m) / math.max(p + m, 0.001)
plot(ta.rma(dx, len))
```

மேலே போட்ட அதே காலையை இதில் ஓட்டினால், முதல் கேண்டில் 24,150ல் திறந்து மேலே 20, கீழே 20 போயிருக்கிறது. இரண்டும் சமம், எனவே இரு பக்கமும் பூஜ்யம். ஏடிஎக்ஸ் 15லிருந்து 14க்கு இறங்கும். 10.15க்கு உங்களை வாங்கச் சொல்ல அங்கே ஒன்றும் இருக்காது.

இதற்கும் விலை உண்டு. கேப் போட்டுவிட்டு நிற்காமல் அப்படியே ஏறும் நாட்களில் இந்தக் கோடு தாமதமாகத்தான் விழிக்கும். அந்த நாளின் முதல் ஓட்டத்தைத் தவறவிடுவீர்கள். அதற்காகக் கேப்பைத் திரும்ப உள்ளே விட வேண்டாம். முதல் மணி நேரத்தின் உச்சத்தை விலை உடைக்கிறதா என்று வெறும் கண்ணால் பார்த்தாலே அந்த நாட்கள் பிடிபடும். அந்த வேலைக்கு ஏடிஎக்ஸ் தேவையில்லை.

இன்னொரு சின்ன விஷயம். நீங்கள் ஃப்யூச்சர் சார்ட்டிலேயே ஏடிஎக்ஸ் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மாதக் கடைசியில் தொடர் சார்ட் ஒரு கான்ட்ராக்டிலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது, இரண்டு விலைகளுக்கும் உள்ள இடைவெளி ஒரு பொய்க் கேப்பாக உள்ளே வரும். ஏடிஎக்ஸை நிஃப்டி ஸ்பாட்டில் போடுங்கள், ஆர்டரை ஃப்யூச்சரில் போடுங்கள். அப்புறம், புரோக்கர் ஆப்பில் ஒரு எண்ணும் வேறு இடத்தில் ஒரு எண்ணும் காட்டினால் பதற வேண்டாம். ஒன்று ஐம்பது கேண்டிலிலிருந்தும் இன்னொன்று ஐந்நூறு கேண்டிலிலிருந்தும் கணக்கை ஆரம்பித்திருக்கும். பழையது முழுதாக வெளியேறாத சராசரி என்பதால் ஆரம்பித்த இடம் வெகுதூரம் வரை தெரியும். நீண்ட சரித்திரத்தை ஏற்றிக்கொண்ட எண்ணை நம்பலாம்.

நானும் இதில் காசு விட்டவன்தான். பல வருடங்களுக்கு முன் ஒரு கேப்-அப் காலையில் ஏடிஎக்ஸ் 32 காட்டுகிறது என்று லாட்டை இரட்டிப்பாக்கினேன். மதியம் வரை 32, 33, 34 என்று ஏறிக்கொண்டே இருந்தது. என் ஸ்கிரீனில் பச்சையாக இருந்தது அது ஒன்றுதான். மாலையில் ஸ்டாப்லாஸ் அடித்தபோதும் அது 30க்கு மேலேயே நின்றது. அன்று இரவுதான் முதன்முதலாகத் தாளில் இந்தக் கணக்கைப் போட்டேன்.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். கடைசியாக எடுத்த நாற்பது டிரேடையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நுழைந்த நேரம், எந்த முறை, முதல் நாள் மாலை தினசரி ஏடிஎக்ஸ் எவ்வளவு, அது ஏறிக்கொண்டிருந்ததா இறங்கிக்கொண்டிருந்ததா, அன்று காலை எத்தனை புள்ளி கேப், கடைசியில் லாபமா நஷ்டமா. முதலில் கேப் 100 புள்ளிக்கு மேல் உள்ள நாட்களில் 11 மணிக்கு முன் எடுத்த கிராஸ்ஓவர்களைத் தனியாகப் பிரித்துக் கூட்டுங்கள். அடுத்து, ஏடிஎக்ஸ் மேலிருந்து இறங்கி 25க்குள் வந்தபோது எடுத்த எதிர்த்திசை டிரேடுகள். இந்த இரண்டு கூட்டுத் தொகையையும் மொத்த நஷ்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பகுதி இங்கேதான் கிடக்கும் என்பது என் ஊகம். இல்லையென்றால் கோளாறு ஏடிஎக்ஸில் இல்லை, ஸ்டாப்லாஸ் வைக்கும் இடத்தில் இருக்கிறது. அப்போது அந்தத் தாளையே எனக்கு அனுப்புங்கள், நுழைந்த விலையும் ஸ்டாப்லாஸ் விலையும் சேர்த்து.